ஆன்லைன் தேர்வின் நடுவில் நெட் போனால் பேராசிரியருக்கு என்ன எழுத வேண்டும்: முழுமையான வழிகாட்டி

"மேடம், நெட் போயிடுச்சு. ப்ளீஸ் கன்சிடர் பண்ணுங்க மேடம்." தேர்வு முடிந்த பத்தாவது நிமிடம் பேராசிரியரின் வாட்ஸ்அப்பில் இந்த வகைச் செய்தி வந்து விழுகிறது, சில சமயம் ஐந்தாறு பேரிடமிருந்து ஒன்றாக. அனுப்பியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு பேராசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நேரத்தில் போனது, எத்தனை கேள்வி வரை எழுதியிருந்தார், இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்ற எதுவும் அதில் இல்லை.

பேராசிரியரிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. கல்லூரி மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் தேர்வு வைத்திருந்தால், நீங்கள் எப்போது உள்ளே வந்தீர்கள், எந்தப் பக்கத்தை எப்போது திறந்தீர்கள், ஒவ்வொரு கேள்விக்கும் விடை எப்போது பதிவானது, எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். நீங்கள் எழுதும் செய்தியை அவர் அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் வேலை சுலபமாகிவிடும். ஆகவே இதை மன்னிப்புக் கடிதமாக நினைக்காமல், நேரக் கணக்காக நினைத்து எழுதுங்கள்.

இங்கே மூடில் குவிஸை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்ப்போம். அசைன்மென்ட் சமர்ப்பிப்பு எங்கே வேறுபடுகிறது என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

நெட் போன அந்த நிமிடத்தில்

நல்ல செய்திக்கான சரக்கு அந்த நிமிடத்தில்தான் கிடைக்கும். அதனால் முதலில் திரையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடில் குவிஸ், நிர்வாகி மாற்றாமல் விட்டிருந்தால், நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் விடைகளைத் தானாகச் சேமிக்கும். இணைப்பு அறுந்து அது தோற்றால் `Network connection lost. (Autosave failed).` என்று தொடங்கும் எச்சரிக்கை திரையில் வரும். அதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் `Next page` அல்லது ரீஃப்ரெஷ் பொத்தானை அழுத்துகிறார்கள். அதுதான் தப்பு. நெட் இல்லாமல் பக்கத்தைவிட்டு நகர்ந்தால் உலாவி ஒரு பிழைப் பக்கத்தைக் காட்டும், கடைசிச் சேமிப்புக்குப் பிறகு தேர்ந்தெடுத்த விடைகள் காணாமல் போகலாம். பக்கத்தை அப்படியே திறந்து வைத்திருங்கள். இணைப்பு திரும்பியதும் எச்சரிக்கை தானே மறைந்து விடைகளும் பதிவாகிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் மூன்று வேலை செய்யுங்கள். திரையை முழுதாக, மூலையில் உள்ள கடிகாரமும் சேர்ந்து தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பக்கத்தில் தேர்ந்தெடுத்த விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரவுட்டரைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் `LOS` என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா அல்லது சிமிட்டுகிறதா என்று கவனியுங்கள். ஒளியிழையில் சிக்னல் வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எதுவுமே எரியாவிட்டால் கரண்ட் போயிருக்கிறது, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடுகிறது.

உலாவி காட்டும் பிழையின் பெயரும் முக்கியம், ஏனென்றால் யார் பக்கம் கோளாறு என்பதை அது சொல்கிறது. `ERR_INTERNET_DISCONNECTED` என்றால் உங்கள் கணினிக்கு எந்த வலையமைப்பும் கிடைக்கவில்லை. `DNS_PROBE_FINISHED_NO_INTERNET` என்றால் வைஃபை இருக்கலாம், ஆனால் வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. `502`, `503`, `504` போன்ற எண்கள் வந்தால் உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது, கல்லூரி சர்வர்தான் திணறுகிறது. அப்போது "என் நெட் போய்விட்டது" என்று எழுதினால் இல்லாத குறையை நீங்களே தலையில் ஏற்றிக்கொண்டதாகிவிடும். சர்வர் கோளாறு வகுப்பில் பலரையும் பாதித்திருக்கும், அதற்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே தீர்வுதான் வரும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகாவிட்டால் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். கேமரா கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் கைபேசியைத் தொடலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது நல்லது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிய நேரத்தையும் தாளில் எழுதுங்கள், அது ஏன் தேவை என்று பின்னால் சொல்கிறோம். தேர்வின் கடிகாரம் சர்வரில் ஓடுகிறது, உங்கள் நெட் போனதால் அது நிற்காது.

நேரம் முடிந்தபின் உங்கள் விடைகளுக்கு என்ன ஆகிறது

இது தெரியாமல் எழுதினால் தவறான உதவியைக் கேட்டுவிடுவீர்கள். குவிஸை உருவாக்கும்போதே, நேரம் முடிந்தால் என்ன செய்வது என்று பேராசிரியர் ஒன்றைத் தேர்வு செய்திருப்பார். வழக்கமாக இருப்பது தானியங்கிச் சமர்ப்பிப்பு. அதில் நீங்கள் `Submit all and finish` அழுத்தாவிட்டாலும், சர்வர் வரை வந்து சேர்ந்த விடைகள் எல்லாம் சமர்ப்பிக்கப்பட்டுவிடும். இரண்டாவது வகையில் சிறிது சலுகை நேரம் உண்டு. அதற்குள் வந்து சமர்ப்பிக்கலாம், ஆனால் புதிதாக விடை எழுத முடியாது. மூன்றாவது வகை கடுமையானது. நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் முயற்சியே கணக்கில் வராது, `Never submitted` என்று நிற்கும்.

முதல் வகையில் உங்கள் இழப்பு எழுதாமல் விட்ட கேள்விகள் மட்டும். மூன்றாவது வகையில் எழுதியதும் சேர்ந்து போகிறது. ஆகவே தேர்வு முடிந்து நெட் வந்தவுடன் முதல் வேலையாகக் குவிஸ் பக்கத்தைத் திறந்து, உங்கள் முயற்சியின் நிலை `Finished` என்று இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செய்தியின் மையம் அதுதான்.

முதலில் ஒரு சின்னத் தகவல்

முழு மெயில் எழுதுவதற்கு முன், நடந்ததை உடனே தெரிவித்துவிட வேண்டும். தேர்வு முடிவதற்கு முன்போ முடிந்த சில நிமிடங்களிலோ போகும் தகவலுக்கு இருக்கும் மதிப்பு, மாலையில் போகும் நீண்ட கடிதத்துக்கு இல்லை. உடனே போகும் தகவலில், மதிப்பெண் தெரிந்தபின் எழுதப்பட்டது என்ற சந்தேகம் எழாது.

டேட்டா இல்லாத இடத்திலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போகும். ஆனால் ஒரு கணக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான், அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். மீறினால் செய்தி துண்டு துண்டாகப் போகும், சிக்னல் மோசமான இடத்தில் ஒரு துண்டு தங்கிவிடலாம். அதனால் இவ்வளவு போதும்:

> மேடம், 10.57க்கு நெட் போனது. 36 வரை எழுதினேன். ப.எண் ____

பெயர் சேமிக்கப்படாத எண்ணிலிருந்து வரும் செய்தி என்பதால் பதிவு எண் கட்டாயம். பேராசிரியருக்கு நேரடியாக எஸ்எம்எஸ் அனுப்பும் வழக்கம் உங்கள் துறையில் இல்லையென்றால் வகுப்புப் பிரதிநிதிக்கு அனுப்பி, அவர் மூலம் சொல்லச் சொல்லுங்கள். தேர்வு நடக்கும்போது பேராசிரியரைத் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். அதே நேரத்தில் இன்னும் நாற்பது பேருக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு நிகழ்வு, ஒரு மெயில்

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்து தேர்வு எழுதும் பி.காம் இரண்டாம் ஆண்டு மாணவி. காஸ்ட் அக்கவுண்டிங் உள்மதிப்பீட்டுத் தேர்வு, காலை 10.00 முதல் 11.00 வரை, 40 கேள்விகள். 10.38க்குக் கரண்ட் போகிறது, ரவுட்டர் அணைகிறது. அப்போது 31 கேள்விகள் முடித்திருக்கிறார். வீட்டுக்குள் கைபேசி சிக்னல் சரியில்லை, திண்ணைக்கு வந்து ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது 10.46. 32 முதல் 36 வரை எழுதுகிறார். 10.57க்கு ஹாட்ஸ்பாட்டும் அறுகிறது. 11.00 மணிக்குத் தேர்வு தானாகச் சமர்ப்பிக்கப்படுகிறது. நான்கு கேள்விகள் பாக்கி. மொத்தம் இழந்தது 8 நிமிடமும் 3 நிமிடமும், ஆக 11 நிமிடம்.

இவர் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்கு அழைத்துப் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் வைத்திருக்கிறார். மெயில் இப்படி இருக்கலாம்:

> பொருள்: காஸ்ட் அக்கவுண்டிங் ஆன்லைன் தேர்வு – இணைப்பு துண்டிப்பு – பதிவு எண் ____
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் பி.காம் இரண்டாம் ஆண்டு, ஆ பிரிவு மாணவி (பெயர்). இன்று காலை நடந்த காஸ்ட் அக்கவுண்டிங் உள்மதிப்பீட்டுத் தேர்வில் எனக்கு இரண்டு முறை இணைப்பு துண்டிக்கப்பட்டது.
>
> 10.01 – தேர்வைத் தொடங்கினேன்.
> 10.38 – எங்கள் தெருவில் மின்தடை, ரவுட்டர் அணைந்தது. 31 கேள்விகளுக்கு விடையளித்திருந்தேன்.
> 10.46 – கைபேசி ஹாட்ஸ்பாட் மூலம் அதே லேப்டாப்பில் தொடர்ந்தேன். பதிவில் ஐபி முகவரி இந்த நேரத்திலிருந்து மாறியிருக்கும்.
> 10.57 – ஹாட்ஸ்பாட்டும் துண்டிக்கப்பட்டது. அதற்குள் 36 வரை முடித்திருந்தேன்.
> 11.00 – தேர்வு தானாகச் சமர்ப்பிக்கப்பட்டது. இப்போது நிலை Finished என்று காட்டுகிறது.
>
> 37 முதல் 40 வரை உள்ள கேள்விகளுக்கு விடையளிக்க முடியவில்லை. இழந்த நேரம் சுமார் 11 நிமிடம்.
>
> இந்த நான்கு கேள்விகளுக்கு ஈடாக வேறு கேள்விகளில் எழுத்திலோ வாய்மொழியிலோ ஒரு வாய்ப்பு தர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதென்றால், பதிவான 36 விடைகளும் மதிப்பிடப்படும் என்பதை மட்டும் உறுதிசெய்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நாளை கல்லூரி நேரத்தில் எப்போது அழைத்தாலும் வந்துவிடுவேன்.
>
> இணைப்பு: 10.39 மணி ஸ்கிரீன்ஷாட், முயற்சியின் நிலையைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், மின்வாரியப் புகார் எண் வந்த குறுஞ்செய்தி.
>
> இப்படிக்கு,
> (பெயர்), பதிவு எண், கைபேசி எண்

இதில் சில இடங்களை விளக்க வேண்டும்.

ஐபி முகவரி பற்றிய வரிதான் பலரும் விட்டுவிடுவது. பிராட்பேண்டிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் பதிவேட்டில் ஒரே தேர்வு இரண்டு முகவரிகளிலிருந்து எழுதப்பட்டதாகத் தெரியும். கைபேசி நிறுவனத்தின் முகவரி சென்னையையோ வேறு நகரத்தையோ காட்டவும் கூடும். பார்ப்பவருக்கு, வேறு யாரோ உள்ளே நுழைந்து எழுதியது போலத் தோன்றும். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அது சாட்சியாக மாறிவிடுகிறது. அவர் கேட்டபின் சொன்னால் அதே விஷயம் சாக்குப் போலக் கேட்கும்.

அடுத்தது கோரிக்கை. முடிந்து சமர்ப்பிக்கப்பட்ட குவிஸ் முயற்சியை மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுத வைக்கப் பேராசிரியரால் முடியாது. புதிதாக இன்னொரு முயற்சி தரலாம், அல்லது குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தையும் முயற்சிகளின் எண்ணிக்கையையும் மாற்றலாம். மூடிலில் அதற்கு `User overrides` என்று தனியாகவே ஓர் இடம் இருக்கிறது. "எனக்கு அந்த 11 நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்டால் அவருக்குச் செய்ய வழியில்லை. "வேறு கேள்விகள்" என்று நீங்களே சொல்வதிலும் பலன் உண்டு. தேர்வு முடிந்த அரை மணியில் கேள்விகள் வகுப்புக் குழுவில் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை நீங்களே நீக்கிவிடுகிறீர்கள். முயற்சி `Never submitted` என்று நின்றால் மட்டும் கோரிக்கை மாறும். மூடிலின் புதிய பதிப்புகளில் அப்படிப்பட்ட முயற்சியை ஆசிரியர் மறுபடி திறக்க முடியும், ஆகவே "சேமிக்கப்பட்ட விடைகளை ஏற்க வழி இருந்தால் செய்து தாருங்கள்" என்று கேளுங்கள்.

நேரங்களில் உறுதியாகத் தெரிந்ததை நிமிடத்தோடும், தெரியாததைச் "சுமார்" போட்டும் எழுதுங்கள். பதிவேட்டில் 10.36 என்று இருந்து நீங்கள் 10.38 என்றால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். 10.15க்கே நீங்கள் காணாமல் போயிருந்தால் மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வீட்டு நிலைமை, பாடத்தின் மேல் உள்ள ஆர்வம், இரவெல்லாம் படித்தது போன்றவற்றை எழுத வேண்டாம். பேராசிரியர் இரக்கமற்றவர் என்பதால் அல்ல. அவர் இந்த மெயிலைத் துறைத்தலைவரிடம் காட்ட வேண்டியிருக்கலாம், அங்கே பயன்படுவது நேரங்களும் படங்களும்தான். பல கல்லூரிகளில் மெயில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்ற வழக்கம் உண்டு. அப்போதும் இதே வரிசை பொருந்தும்.

எது சாட்சி, எது இல்லை

பதிவேட்டில் எட்டு நிமிட இடைவெளி இருந்தால், நீங்கள் அந்த நேரத்தில் எதுவும் செய்யவில்லை என்பது மட்டுமே தெரியும். நெட் போனதா, புத்தகத்தைப் புரட்டினீர்களா என்று அது சொல்லாது. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். மின்வாரியத்திடமோ இணைய நிறுவனத்திடமோ அந்த நேரத்தில் பதிந்த புகார் எண் நல்ல சான்று, ஏனென்றால் அதன் நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. அதே தெருவில் உள்ள வகுப்புத் தோழருக்கும் கரண்ட் போயிருந்தால் அவர் பதிவிலும் அதே இடைவெளி இருக்கும். அதைக் குறிப்பிடலாம், ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுக் குறிப்பிடுங்கள்.

விண்டோஸ் கணினியில் கடந்த மூன்று நாள் வைஃபை இணைப்புகளின் அறிக்கையை எடுக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
netsh wlan show wlanreport
```

அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். ரவுட்டர் அணைந்ததால் வைஃபை அறுந்தது, ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தது ஆகியவை நேரத்தோடு வரும். ரவுட்டர் எரிந்துகொண்டே இருந்து ஃபைபர் மட்டும் போயிருந்தால் வைஃபை இணைந்தே இருந்ததாகக் காட்டும், அப்போது இது அவ்வளவாக உதவாது. இதை முதல் மெயிலோடு அனுப்ப வேண்டியதில்லை, கேட்டால் தரலாம்.

பிறகு எடுத்த ஸ்பீட் டெஸ்ட் எதையும் நிரூபிக்காது, அது இப்போதைய வேகத்தைத்தான் சொல்கிறது. வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைவிடக் கடிகாரத்தோடு உள்ள முழுத்திரை மேல்.

அசைன்மென்ட் என்றால்

இங்கே நிலைமை உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம், ஏனென்றால் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. செய்ய வேண்டியது, கடைசி நேரத்துக்குள் அந்தக் கோப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்று காட்டுவது. தளம் திறக்காவிட்டால், ஹாட்ஸ்பாட்டிலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ மெயில் போகுமானால், அந்தக் கோப்பையே இணைத்து உடனே அனுப்பிவிடுங்கள். பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாமல், தளம் திறந்ததும் அதே கோப்பை ஏற்றுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். கோப்பின் "கடைசியாக மாற்றிய நேரம்" பெரிய சான்று அல்ல, கணினிக் கடிகாரத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் திருத்த வரலாறு நம்பத்தக்கது.

மூடிலில் ஒரு பொறி உண்டு. கோப்பை இழுத்துப் போட்டதும் ஏறிவிட்டதாகத் தோன்றும், ஆனால் `Save changes` அழுத்தும் வரை அது சமர்ப்பிப்பில் சேராது. சில அசைன்மென்ட்களில் அதற்குப் பிறகும் `Submit assignment` அழுத்த வேண்டும். அதற்கு முன் நெட் போனால் நிலை `Draft (not submitted)` என்று இருக்கும். இது நல்ல சேதி, ஏனென்றால் வரைவுக் கோப்பும் அது சேமிக்கப்பட்ட நேரமும் சர்வரில் இருக்கின்றன, பேராசிரியரால் பார்க்க முடியும். செய்தியில் இதைத்தான் சொல்ல வேண்டும்:

> ஐயா, அசைன்மென்ட் கோப்பு இரவு 11.52க்கு வரைவாகச் சேமிக்கப்பட்டுள்ளது. இறுதிச் சமர்ப்பிப்பு அழுத்தும் முன் 11.54க்கு இணைப்பு போனது. கோப்பை மாற்றவில்லை. வரைவையே ஏற்றுக்கொள்ள இயலுமா? அல்லது சமர்ப்பிக்க மட்டும் சிறிது நேர நீட்டிப்பு தர வேண்டுகிறேன்.

மூடிலில் ஒரு மாணவருக்கு மட்டும் நீட்டிப்பு தர `Grant extension` இருக்கிறது. `Due date` தாண்டினால் தாமதம் என்று குறித்துக்கொண்டு தளம் ஏற்றுக்கொள்ளும். `Cut-off date` தாண்டினால் ஏற்றுக்கொள்ளவே ஏற்றுக்கொள்ளாது. உங்களுடையது முதல் வகை என்றால் முதலில் சமர்ப்பித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கோப்பு அளவு மீறியதால் ஏறாமல் போவதை நெட் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். அளவு மீறினால் தளம் அதைத் தெளிவாகவே சொல்லும். திறக்காத, கெட்டுப்போன கோப்பை வேண்டுமென்றே ஏற்றி நேரம் வாங்கும் தந்திரமும் பேராசிரியர்களுக்குப் பழையது. நேரம் தப்பாகத் தெரிந்தால் உங்கள் மூடில் சுயவிவரத்தில் `Timezone` என்ன என்று பாருங்கள். அது இலண்டன் நேரத்தில் நின்றுவிட்டிருந்தால் கடைசி நேரம் பருவத்துக்கு ஏற்ப நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் முன்னதாகத் தெரியும், செய்தியில் எழுதும் நேரமும் அப்படியே தவறும்.

பதில் வராவிட்டால்

ஒரு முழு வேலைநாள் விடுங்கள். பிறகு அதே மெயிலுக்குப் பதிலாக, பழைய விவரம் கீழே தெரியும்படி, ஒரே வரி: "வணக்கம் மேடம், கீழுள்ள என் மெயிலைப் பார்க்க நேரம் கிடைத்ததா? கூடுதல் விவரம் தேவையென்றால் அனுப்புகிறேன்." முதல் மெயிலிலேயே துறைத்தலைவரை நகலில் சேர்த்தால் முறையீடு போலத் தெரியும். நினைவூட்டலுக்கும் பதில் இல்லாதபோது சேர்க்கலாம்.

மறுதேர்வு கிடைத்தால் நாளையும் நேரத்தையும் திரும்ப எழுதி உறுதிசெய்யுங்கள். மறுத்தால் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: இந்தத் தேர்வு உள்மதிப்பீட்டில் எப்படிக் கணக்கிடப்படுகிறது? பல இடங்களில் இரண்டு மூன்று தேர்வுகளில் சிறந்ததை மட்டும் எடுப்பார்கள், அப்படியானால் இது உங்களைப் பாதிக்காமலே போகலாம்.

இவை எல்லாம் பேராசிரியரே நடத்தும் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கும் அசைன்மென்ட்டுக்கும் மட்டும். பல்கலைக்கழகப் பருவத்தேர்வில் அவர் கையில் அதிகாரம் இல்லை. அதே நேரக் கணக்கைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு முகவரியிட்டு, துறைத்தலைவர் வழியாக அன்றைக்கே அனுப்ப வேண்டும். பேராசிரியருக்கு நகல் மட்டும் போகட்டும்.